இறங்கும்போது கிடைத்த வேகம் ஏறும்போது போய்விடாதா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றி வந்தது. மங்கள்யான் பூமியைச் சுற்றிச் சுற்றி, பூமியின் ஈர்ப்பு விசையையே கவண் மாதிரி பயன்படுத்தி, செவ்வாய்க்குப் பறந்தது என்று அதில் இருந்தது. கைதட்டல் படங்கள் நிறைய விழுந்தன. அதே வாரம் என் பழைய மாணவி ஒருத்தியும் எழுதியிருந்தாள். அவள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. கிரகங்களின் ஈர்ப்பால் விண்கலங்கள் வேகம் கூட்டிக்கொள்கின்றன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். உடனே ஒரு பையன் எழுந்து, "மிஸ், கிரகத்துப் பக்கம் போகும்போது அது இழுக்கும், வேகம் கூடும், சரி. விலகும்போதும் அது பின்னாடி இழுக்குமே, கூடின வேகம் அப்படியே குறைஞ்சிடாதா? அப்புறம் என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்துவிட்டதாம். பையன் முகம் வாடி உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு கையே தூக்குவதில்லையாம். "திங்கட்கிழமை அவனுக்குப் பதில் சொல்லணும் சார். எனக்கே சரியா விளங்கலை" என்று முடித்திருந்தாள்.

அம்மா, முதலில் அந்தப் பையனிடம் அவன் கேட்டது சரியான கேள்வி என்று சொல்லிவிடு. சிரித்த பிள்ளைகள் காதிலும் விழும்படி சொல். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. குடும்பக் குழுவில் வந்த அந்தச் செய்தி தப்பு என்பதும் அவன் கேள்வியிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சைக்கிளிலிருந்து ஆரம்பிப்போம். நம்ம ஜவளகிரிப் பக்கத்து ரோடு எல்லாருக்கும் தெரியும், ஏற்றமும் இறக்கமுமாகத்தான் இருக்கும். மிதிக்காமல் ஒரு பள்ளத்தில் சைக்கிளை விட்டால் இறங்க இறங்க வேகம் பிடிக்கும். அடியில் காற்று காதில் விசிலடிக்கும். மறுபக்கம் ஏறத் தொடங்கியதும் வேகம் குறையும். இந்தப் பக்கம் எந்த உயரத்தில் என்ன வேகத்தில் கிளம்பினோமோ, அந்தப் பக்கம் அதே உயரத்தை எட்டும்போது அதே வேகம்தான் இருக்கும். உராய்வும் காற்றும் இருப்பதால் உண்மையில் இன்னும் குறைவாகவே இருக்கும். பள்ளம் கொடுத்ததை எல்லாம் பள்ளமே திருப்பி வாங்கிக்கொள்கிறது.

கிரகமும் விண்வெளியில் ஒரு பள்ளம் மாதிரிதான். நெருங்கும்போது வேகம் கொடுக்கும், விலகும்போது அதே அளவை வாங்கிக்கொள்ளும். கிரகம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால் லாபம் பூஜ்யம். விண்கலம் போகும் திசை மட்டும் வளையும். பையன் சொன்னது இதுதான்.

இப்போது மங்கள்யானைப் பார்ப்போம். 2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. அதை ஏற்றிப்போய்ப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டது. டிசம்பர் 1ஆம் தேதி வரை அது பூமியைத்தான் சுற்றியது. ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகில் வரும் நேரம் பார்த்து, தன் எஞ்சினைச் சில நிமிடங்கள் எரித்தது. அப்படி எரித்ததால் அடுத்த சுற்றில் பாதையின் தூர முனை இன்னும் தள்ளிப் போனது. வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் எரித்தால் அதே எரிபொருளுக்குப் பலன் கூடுதல். அதனால்தான் பூமிக்கு அருகில் வரும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் வேகத்தைக் கொடுத்தது எஞ்சின்தான்.

இதற்குச் சாட்சி அந்தப் பயணத்திலேயே இருக்கிறது. நவம்பர் 11ஆம் தேதி பாதையின் தூர முனையைச் சுமார் 71,600 கி.மீ.யிலிருந்து ஒரு லட்சம் கி.மீ. அளவுக்குத் தள்ள வேண்டும் என்பது திட்டம். அதற்கு வினாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டும். எஞ்சினில் தடங்கல் வந்து 35 மீட்டர்தான் கூடியது. தூர முனை 78,276 கி.மீ.யோடு நின்றுவிட்டது. மறுநாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் எஞ்சினை மறுபடி எரித்து அதை 1,18,000 கி.மீ.க்கு மேல் கொண்டுபோனார்கள். பூமியின் ஈர்ப்பு விசை 11ஆம் தேதியும் இருந்தது, 12ஆம் தேதியும் இருந்தது. அன்று எஞ்சின் குறைவாகக் கொடுத்தது, பாதையும் குறைவாக உயர்ந்தது. கவணைச் சுழற்றிய கை எது என்று இதிலேயே தெரிகிறது அல்லவா? டிசம்பர் 1ஆம் தேதி பூமியை விட்டுக் கிளம்பியதும் சுமார் 22 நிமிடம் எஞ்சினை எரித்துத்தான்.

ஆக, மங்கள்யானின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. அந்தப் பெருமை எஞ்சினுக்கும் அதை இயக்கியவர்களுக்கும் சேர வேண்டியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கிரகத்தின் ஈர்ப்பால் வேகம் கூடுவது என்பதே கட்டுக்கதையா? இல்லை. மேலே 'கிரகம் அசையாமல் நின்றிருந்தால்' என்று ஒரு நிபந்தனை போட்டேன். எந்தக் கிரகமும் நிற்பதில்லை. வியாழன் வினாடிக்கு 13 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. லாபம் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு பந்துக் கணக்கு சொல்கிறேன். மனதுக்குள் மட்டும் செய்து பாருங்கள், ரோட்டில் வேண்டாம். ஓசூர் ரோட்டில் ஒரு லாரி 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. எதிரே நின்று ஒருவன் 20 கி.மீ. வேகத்தில் அதன் முன்புறத்தில் பந்தை எறிகிறான். பந்து நன்றாகத் துள்ளும் பந்து. டிரைவருக்கு அது 60 வேகத்தில் தன்னை நோக்கி வருவதாகத் தெரியும். பட்டுத் திரும்பும்போதும் டிரைவர் கண்ணுக்கு அது 60 வேகத்தில்தான் விலகும். அவர் கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ரோட்டோரத்தில் நிற்பவனுக்கு? லாரியின் 40, அதன்மேல் பந்து விலகும் 60, ஆக 100. இருபதில் போன பந்து நூறில் திரும்புகிறது. கூடிய 80க்கு லாரிதான் படியளந்தது.

பந்து லாரியில் மோதுகிறது. விண்கலம் கிரகத்தைத் தொடுவதுகூட இல்லை. கிரகத்தின் ஈர்ப்பு அதை வளைத்துத் திருப்பி அனுப்புகிறது. மற்றபடி கணக்கு ஒன்றுதான். கிரகத்தில் உட்கார்ந்து பார்த்தால், வந்த வேகமும் போன வேகமும் சமம், திசை மட்டும் மாறியிருக்கும். பையன் சொன்ன விதி இங்கே அப்படியே நிற்கிறது. சூரியனிலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் கிரகத்தின் ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது.

இனி நிஜப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். வாயேஜர் 2 விண்கலத்தை 1977 ஆகஸ்ட் 20ஆம் தேதி அமெரிக்காவின் நாசா ஏவியது. 1979 ஜூலை 9ஆம் தேதி அது வியாழனைக் கடந்தது. கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்ணாக்கித் தருகிறேன்.

வியாழனை நெருங்கும் சமயத்தில், சூரியனை வைத்துப் பார்த்தால், வாயேஜரின் வேகம் வினாடிக்குச் சுமார் 10 கி.மீ. ஏவியபோது இதைவிட அதிக வேகம் இருந்தது. இரண்டு வருடம் சூரியன் பின்னால் இழுத்ததில் குறைந்துவிட்டது. வியாழனின் வேகம் 13. வாயேஜர் அதன் பாதையைச் சாய்வாக வந்து சேர்கிறது. வியாழனில் இருந்து பார்த்தால் அது சுமார் 8 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது. நெருங்க நெருங்க வியாழன் இழுக்கிறது. மிக அருகில் வந்தபோது, அதாவது மேக உச்சியிலிருந்து சுமார் 5,70,000 கி.மீ. தூரத்தில், வியாழனை வைத்துப் பார்த்த வேகம் 8லிருந்து 20க்கு ஏறிவிட்டது. பிறகு விலக விலக மறுபடியும் 8க்கு இறங்கிவிட்டது. சைக்கிள் பள்ளம் இதுதான். ஏறியது முழுவதும் இறங்கிவிட்டது.

ஆனால் வந்த திசை வேறு, போன திசை வேறு. ஒரு செங்கோணத்துக்குச் சற்று அதிகமாகவே பாதை வளைந்துவிட்டது. வரும்போது அந்த 8 கி.மீ. வேகத்தின் பெரும்பகுதி வியாழன் ஓடும் திசைக்கு எதிர்ப்புறமாக இருந்தது. போகும்போது பெரும்பகுதி வியாழன் ஓடும் திசையிலேயே அமைந்துவிட்டது. முழுக்க அதே திசையில் அமைந்திருந்தால் 13ஐயும் 8ஐயும் நேராகக் கூட்டி 21 என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்ததால் சூரியனை வைத்துப் பார்த்த வேகம் சுமார் 20 ஆனது. பத்தாக வந்தது இருபதாகப் போனது. அந்தக் கூடுதலுக்கு எஞ்சினை எரிக்கவில்லை.

இந்த இருபதுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. வியாழன் இருக்கும் தூரத்திலிருந்து சூரியனின் பிடியை விட்டு முழுவதுமாகத் தப்ப வினாடிக்குச் சுமார் 18.5 கி.மீ. வேகம் வேண்டும். பத்தோடு விட்டிருந்தால் வாயேஜர் 2 ஒரு கட்டத்தில் தளர்ந்து, திரும்பிச் சூரியனையே சுற்றிக்கொண்டு கிடந்திருக்கும். வியாழனைக் கடந்த பிறகு அதற்குத் திரும்பும் வழியே இல்லை. 1981இல் சனி, 1986இல் யுரேனஸ், 1989இல் நெப்டியூன் என்று போய்க்கொண்டே இருந்தது.

கூடிய வேகத்துக்கு விலை கொடுத்தது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். வியாழன்தான் கொடுத்தது. பந்து பட்ட லாரி மாதிரி அதன் வேகமும் குறைந்தது. எவ்வளவு? விண்கலத்தின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வியாழனின் எடையோ, டன் கணக்கில் எழுதினால் 19க்குப் பின்னால் 23 பூஜ்யம் போட வேண்டும். அந்த வேகக் குறைவால் ஒரு லட்சம் கோடி ஆண்டு ஓடினாலும் வியாழன் பின்தங்கும் தூரம் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். ஏரியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டதாகக்கூட இதைச் சொல்ல முடியாது.

இனி மங்கள்யானுக்குத் திரும்பி வருவோம். பூமியும் ஓடுகிற கிரகம்தானே, வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறதே, அது ஏன் மங்கள்யானுக்கு வேகம் கொடுக்கவில்லை? காரணம் எளிது. மங்கள்யான் அந்த நாட்களில் பூமியோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவன் அந்த பஸ்ஸிடமே வேகம் கடன் வாங்க முடியுமா? வெளியிலிருந்து வருகிறவனால்தான் முடியும்.

வெளியிலிருந்து வந்தவன் காசினி. சனிக்குப் போக 1997இல் ஏவப்பட்ட விண்கலம் அது. நேராகப் போகும் அளவுக்கு அதற்கு வேகம் இல்லை. அதனால் முதலில் உள்பக்கம் போய் வெள்ளியை இரண்டு முறை கடந்தது. பிறகு 1999 ஆகஸ்ட் 18ஆம் தேதி சூரியனைச் சுற்றி வந்துகொண்டிருந்த வழியில் பூமியைச் சுமார் 1,170 கி.மீ. உயரத்தில் கடந்தது. அந்த ஒரே சந்திப்பில் பூமி அதற்கு வினாடிக்கு 5.5 கி.மீ. வேகம் கூட்டிக் கொடுத்தது. அப்புறம் வியாழனிடமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு 2004இல் சனியை அடைந்தது. மங்கள்யானுக்குத் தராத பூமி காசினிக்குத் தந்தது. பூமி மாறவில்லை, வந்தவன் எங்கிருந்து வந்தான் என்பதுதான் மாறியது.

நம் நாட்டு விண்கலம் ஒன்றுக்கும் இந்த அனுபவம் சமீபத்தில் கிடைத்தது. சந்திரயான் 3இன் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி நிலவில் இறங்கியது நினைவிருக்கும். அதை நிலவு வரை சுமந்துபோன உந்துகலத்தை இஸ்ரோ பிறகு பூமியைச் சுற்றும் பாதைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 6ஆம் தேதியும் 11ஆம் தேதியும் (நம்ம நேரப்படி இரண்டாவது 12ஆம் தேதி விடியற்காலை) அது நிலவை நெருங்கிக் கடந்தது. அதற்கு முன்பு அதன் பாதை பூமியிலிருந்து ஒரு லட்சம் கி.மீ.க்கும் மூன்று லட்சம் கி.மீ.க்கும் இடையில் இருந்தது. இரண்டு சந்திப்புக்கும் பிறகு அது 4,09,000 கி.மீ.க்கும் 7,27,000 கி.மீ.க்கும் இடையில் போய்விட்டது. பாதையின் சாய்வும் 34 டிகிரியிலிருந்து 22 டிகிரி ஆனது. பூமியைச் சுற்றும் அந்தக் கலத்துக்கு நிலவுதான் வெளியே ஓடுகிற பஸ். நிலவு பூமியை வினாடிக்குச் சுமார் ஒரு கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. அந்த ஓட்டத்தில் ஒரு பங்கு உந்துகலத்துக்குக் கிடைத்தது. மங்கள்யானையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டு அம்மா, வித்தியாசம் பளிச்சென்று விளங்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கிரகத்தின் அருகே போனாலே வேகம் கூடும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கிரகம் ஓடும் திசையில் அதன் பின்புறமாகக் கடந்தால் அது விண்கலத்தை முன்னோக்கி இழுக்கும், வேகம் கூடும். முன்புறமாகக் கடந்தால் பின்னோக்கி இழுக்கும், வேகம் குறையும். வேகம் குறைய வேண்டியவர்களும் உண்டு. சூரியனுக்கு அருகில் போக வேண்டுமென்றால், பூமியிலிருந்து வந்த ஓட்டத்தைக் கழித்தாக வேண்டும். 2018இல் ஏவிய பார்க்கர் விண்கலம் வெள்ளியை ஏழு முறை கடந்தது அதற்காகத்தான். வாயேஜர் 2கூட நெப்டியூனிடம் வேகத்தைக் கொஞ்சம் இழந்தது. அதன் நிலவான டிரைட்டானைப் பார்க்க வேண்டும் என்று நெப்டியூனின் வடதுருவத்துக்கு மேலே பாதை வகுத்தார்கள், அதற்குக் கொடுத்த விலை அது. அதன் பிறகு போக வேறு கிரகம் இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வளைவுக்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய கிரகமாக இருந்தால், அல்லது மிக நெருங்கிப் போனால், பாதை அதிகம் வளையும். ஆனால் நெருக்கத்துக்கும் வரம்பு இருக்கிறது, கிரகத்துக்குள்ளேயே புகுந்து போக முடியாது. செவ்வாய் மாதிரி எடை குறைந்த கிரகம் கொஞ்சமாகத்தான் வளைக்கும். அதோடு, நாம் போகும் நாளில் கிரகம் அங்கே இருக்க வேண்டும். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் தொடும்படியான அமைப்பு சுமார் 175 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 1977ஐ அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது அதனால்தான். நம்ம ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வரை காத்திருப்போம். அங்கே அடுத்த பஸ்ஸுக்கு ஐந்தாறு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

வகுப்பில் காட்ட ஒரு சின்னச் சோதனை. ஒரு வழவழப்பான அட்டை, ஒரு காந்தம், சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு ஒன்று போதும். அட்டைக்கு அடியில் காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே குண்டைக் காந்தத்துக்குப் பக்கவாட்டில் உருட்டிவிடு. பாதை வளையும், வேகம் கூடாது. உராய்வினால் சற்றுக் குறையவும் செய்யும். அடுத்து, குண்டு கடக்கும் நேரத்தில் காந்தத்தை அது போகும் திசையிலேயே முன்னால் நகர்த்து. குண்டு விருட்டென்று ஓடும். காந்தத்துக்கு மிக அருகில் உருட்டினால் அதோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் தள்ளி உருட்ட வேண்டும். நாலைந்து முறை வீட்டிலேயே பழகிக்கொண்டு போ. குண்டை உருட்டும் வேலையை அந்தப் பையனிடமே கொடு.

வாயேஜர் 2 இப்போது சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டிப் போய்விட்டது. 2018 நவம்பரில் தாண்டியது. இன்னும் சூரியனை விட்டு விலகி, நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழன் ஓடிய ஓட்டத்தில் ஒரு பங்கு அதன் கணக்கில் இருக்கிறது.

பெங்களூரிலும் ஓசூர் கம்பெனிகளிலும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். குடும்பக் குழுவில் அந்த மங்கள்யான் செய்தியை அனுப்பிய மருமகனுக்கும் என் அன்பு. அடுத்த முறை அனுப்பும்போது, நவம்பர் 11ஆம் தேதி நடந்ததையும் சேர்த்து அனுப்புங்கள் மாப்பிள்ளை.

எல்லோரும் நலமாக இருங்கள்.